வேலைக்குப் போகும் அம்மாக்கள் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்பது: இராமநாதபுரம் கரையோரப் பெண்களின் கேள்விகளும் பதில்களும்

உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டில் ஏதாவது செய்து விற்கலாமா என்று யோசிக்கும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால், தட்டை என்ற ஒரே பலகாரத்தை எடுத்துக்கொண்டு அதை முழுதாகச் சொல்கிறேன்.

அக்கா, இட்லி மாவு விற்கலாமா, முறுக்கு விற்கலாமா, கேக் விற்கலாமா? எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

உங்களுக்கு எது நன்றாகச் செய்ய வரும் என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் அடுப்பு எப்போது சும்மா இருக்கிறது என்று பாருங்கள். காலை 8 மணி பஸ்ஸைப் பிடித்து இரவு 7 மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு வார நாளில் அடுப்பே கிடையாது. இருக்கிற நேரமும் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் வீட்டுப் பாடத்துக்கும் போய்விடும். மிஞ்சுவது வார விடுமுறை நாள் ஒன்றுதான். அந்த ஒரு நாளில் செய்தது, அடுத்த விடுமுறை வரைக்கும் கெடாமல் விற்க வேண்டும்.

இப்படிப் பார்த்தால் பாதி குழப்பம் போய்விடும். இட்லி, இடியாப்பம், வடை, சமோசா எல்லாம் அன்றைக்கே விற்றாக வேண்டியவை. இட்லி மாவு நம் ஊர் வெக்கையில் ஃப்ரிட்ஜ் இல்லாமல் ஒரு ராத்திரியிலேயே புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான். க்ரீம் கேக்கும் அதே கதைதான். தட்டை, முறுக்கு, காராசேவு, பொடி வகைகள் மட்டும்தான் சரியாகச் செய்து சரியாக மூடினால் வாரக்கணக்கில் நிற்கும்.

அடுத்ததாக இரண்டு விஷயம். உங்களைத் தினமும் பார்க்கிறவர்கள் யார்? உடன் வேலை செய்கிறவர்கள், பஸ்ஸில் கூட வருகிறவர்கள், பிள்ளையின் பள்ளி வாசலில் நிற்கும் மற்ற அம்மாக்கள், இவர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். அவர்கள் கையில் ஒரு பாக்கெட்டைக் கொடுக்க உங்களுக்குத் தனியாக அலைச்சல் இல்லை. இன்னொன்று, மதுரைக்காரருக்கோ சென்னைக்காரருக்கோ கிடைப்பதைவிட நல்லதாக உங்களுக்குக் கிடைக்கும் சரக்கு என்ன? இந்த மூன்றும் சேருகிற இடத்தில் எந்தப் பலகாரம் இருக்கிறதோ, அதுதான் உங்களுடையது.

காலையில 4 மணிக்கு எழுந்து இடியாப்பம் போட்டா என்ன? கீழக்கரையில நல்லாப் போகுதே.

நன்றாகத்தான் போகிறது. ஆனால் அதில் நிலைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதை மட்டுமே வேலையாக வைத்திருப்பவர்கள். காலை டிபன் வாங்குகிறவர் உங்களை நம்பி வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் நிறுத்தினால் மூன்றாம் நாள் அவர் வேறு வீட்டில் வாங்கப் பழகிவிடுவார். மீந்தது அன்றே நஷ்டம். வேலையையும் வைத்துக்கொண்டு இதைத் தினமும் இழுத்தால் முதலில் உடம்புதான் விழும்.

இடியாப்பத்தில் உங்களுக்குக் கைப்பக்குவம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் போடுங்கள்.

எல்லாரும்தான் தட்டை, முறுக்கு போடுறாங்க. என்னோடதை ஏன் வாங்கணும்?

வெறும் தட்டை என்றால் வாங்க மாட்டார்கள்தான். பெட்டிக்கடையில் தொங்கும் மலிவுப் பாக்கெட்டோடு நீங்கள் விலையில் போட்டி போடவே முடியாது. ஆனால் முண்டு மிளகாய்த் தட்டை என்று ஒன்றை மட்டும் எடுத்து, அதை ஒரே மாதிரி எப்போதும் கொடுத்தால் நிலைமை வேறு.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசலில் விளைவது. குண்டாக, தோல் தடித்து, கருஞ்சிவப்பாக இருக்கும். அரைத்து மாவில் சேர்த்தால் நல்ல நிறம் கொடுக்கும். தனி வாசமும் உண்டு. வெளியூர்க்காரர் இதைத் தேடி வாங்க வேண்டும், நமக்கு இது வீட்டு மிளகாய். மாசி, பங்குனியில் புது மிளகாய் வரத் தொடங்கும்போது வாங்குங்கள். தோல் தடிப்பு என்பதால் உள்ளே ஈரம் தங்கும். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும், காம்பு சுலபமாக ஒடிய வேண்டும். இரண்டு மூன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூசணம் தெரிந்தால் அந்த மூட்டையே வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மறுபடி வெயிலில் போட்டு, காற்றுப் புகாத டின்னில் வைத்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்த பொடியில் நிறமும் வாசமும் சீக்கிரம் போய்விடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க அக்கா. எவ்வளவு போட்டா எவ்வளவு நிக்கும்?

எனக்குத் தெரிந்த ஒருவரின் முறையைச் சொல்கிறேன். உச்சிப்புளியில் வீடு, இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலை, ஞாயிறு விடுமுறை. மாமியார் உதவிக்கு இருக்கிறார். ஞாயிறு காலைச் சமையல் முடிந்ததும் தொடங்கினால், பாக்கெட் போடுவதும் சேர்த்து ஐந்து மணி நேரத்தில் 3 கிலோ மாவு முடிகிறது.

1 கிலோ பச்சரிசி மாவுக்கு அவர் வைத்திருக்கும் அளவு இது: வறுத்து அரைத்த உளுந்து மாவு 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100 கிராம், வெண்ணெய் 100 கிராம், முண்டு மிளகாய்த் தூள் 30 கிராம், உப்பு 25 கிராம், ஊறவைத்த கடலைப்பருப்பு ஒரு கைப்பிடி, எள், காயம், கறிவேப்பிலை. கண் அளவே கிடையாது, எல்லாம் தராசில்தான். நம் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்தால் 25 கிராம் உப்பே கரித்துவிடும். அதனால் மாவு பிசைய எப்போதும் குடிக்கிற தண்ணீர் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செலவு. விலை மாதத்துக்கு மாதம் மாறும், உங்கள் கடை விலையைப் போட்டு மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள். அரிசி மாவு 60 ரூபாய், உளுந்தும் பொட்டுக்கடலையும் 25, வெண்ணெய் 55, மிளகாய் 10, பருப்பு, எள் முதலான சில்லறை 20. எண்ணெய் 65, இதில் தட்டை குடித்தது மட்டுமில்லை, கடைசியில் ஒதுக்கிவிடும் எண்ணெயும் அடக்கம், பலர் விடுவது இதைத்தான். கேஸ் 20. ஆகக் கூடி 255 ரூபாய். இதிலிருந்து சுமார் 1.45 கிலோ தட்டை கிடைக்கிறது. உடைந்ததை வீட்டுக்கு எடுத்துக்கொண்டால் 200 கிராம் பாக்கெட் 7 தேறும். கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு 4 ரூபாய். எல்லாம் சேர்த்து ஒரு பாக்கெட்டின் அடக்க விலை ஏறக்குறைய 41 ரூபாய்.

3 கிலோவுக்கு 21 பாக்கெட். நேரடியாகக் கையில் கொடுத்து 80 ரூபாய்க்கு விற்றால் 819 ரூபாய் நிற்கும். அதே பாக்கெட்டைக் கடைக்கு 60 ரூபாய்க்குப் போட்டால் 399 ரூபாய்தான். இரண்டு பேர் ஐந்து மணி நேரம் நின்ற உழைப்பு அது. முதல் வழியில் ஆளுக்கு மணிக்கு 80 ரூபாய்க்கு மேல், இரண்டாவதில் 40 ரூபாய். அதனால்தான் அவர் கடைக்கே போடுவதில்லை. வியாழன், வெள்ளியில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் கேட்டு, ஞாயிறு போட்டு, திங்கள், செவ்வாயில் கொடுத்துவிடுகிறார். ஆர்டருக்கு மேலே நான்கு பாக்கெட்டுக்கு மிஞ்சிப் போடுவதில்லை.

மாதம் நாலு ஞாயிறு என்றால் 3,276 ரூபாய். வேலையை விடுகிற அளவுக்கான பணம் இல்லை இது, பிள்ளையின் வேன் கட்டணத்துக்கோ டியூஷனுக்கோ ஆகும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எங்க வீட்டுல போட்டது மூணாம் நாளே நமத்துப் போகுது. கடல் காத்துதான் காரணமா?

பாதி காற்று, பாதி அடுப்பு. எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. போட்ட அன்றே சாயங்காலம் ஒரு தட்டையை நடுவில் ஒடித்துப் பாருங்கள். ஓரம் மொறுமொறுவென்று இருந்து நடு மட்டும் மெத்தென்று வளைந்தால், அது வேகாத குறை. அன்று முழுசும் நொறுங்கி, இரண்டு மூன்று நாளில் மொத்தமும் ஒன்றுபோல் தளர்ந்தால், அது வெளியிலிருந்து வந்த ஈரம்.

வேகாத குறைக்குக் காரணம் பெரும்பாலும் தீயை அதிகமாக வைப்பதுதான். மேலே சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே தண்ணீர் நிற்கும். மிளகாய் நிறம் வேறு இருப்பதால் சிவப்பை வைத்துப் பதம் சொல்லவே முடியாது. எண்ணெயில் சலசலப்பைக் கேளுங்கள், குமிழியைப் பாருங்கள். குமிழி ஏறக்குறைய அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். எல்லாத் தட்டையும் ஒரே கனத்தில் இருக்க, இரண்டு கவருக்கு நடுவில் உருண்டையை வைத்துத் தட்டையான கிண்ணத்தால் அழுத்துங்கள்; ஊசியாலோ முள்கரண்டியாலோ நாலு இடத்தில் குத்திவிடுங்கள், உப்பாது. கடலைப்பருப்பை ரொம்ப நேரம் ஊறவிட்டு, வடிக்காமல் போட்டாலும் அந்த இடம் மட்டும் ஈரமாகத் தங்கி முதலில் நமக்கும்.

ஈரம் வெளியிலிருந்து வருகிறது என்றால் ஆறவைக்கும் விதத்தைப் பாருங்கள். சூட்டோடு கவரில் போட்டால் உள்ளேயே வியர்த்துவிடும். ராத்திரி முழுக்கத் தட்டில் பரப்பி வைத்தால் கடல் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். தொட்டால் சூடே தெரியாத வரை, அதாவது ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டு, உடனே மூடி இறுக்கமான எவர்சில்வர் டின்னுக்கு மாற்றுங்கள். டின்னிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பாக்கெட் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஜன்னலை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். பொரித்த பிறகு மேலே உப்பும் மிளகாயும் தூவாதீர்கள், உப்பு ஈரத்தை இழுக்கும். காரமும் உப்பும் மாவிலேயே இருக்கட்டும்.

கவர் தடிமனாக, பல அடுக்கு உள்ளதாக இருக்க வேண்டும். மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டுவதை நிறுத்திவிட்டு, கையால் அழுத்தும் சீலிங் மெஷின் ஒன்று வாங்குங்கள். இந்தத் தொழிலுக்குத் தராசுக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டியது அதுதான். ஒட்டியது சரியா என்று பார்க்க, ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்குங்கள். எங்காவது குமிழி வந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது.

லேபிள்ல எத்தனை நாள்னு போடுறது? லைசென்ஸ் எல்லாம் வேணுமா?

எத்தனை நாள் என்பதை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும், அடுத்தவர் லேபிளைப் பார்த்து எழுதக் கூடாது. ஒரே நாளில் போட்டதில் பத்துப் பாக்கெட்டை ஒதுக்கி, தேதி எழுதி, சமையலறை அலமாரியிலேயே வையுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம், வாடிக்கையாளர் அதில் வைக்கப்போவதில்லை. மூன்று நாளைக்கு ஒன்று பிரித்து மோந்து பாருங்கள், கடித்துப் பாருங்கள். நமத்தாலும் சரி, பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தாலும் சரி, அந்த நாளைக் குறித்துக்கொண்டு அதில் பாதியை லேபிளில் போடுங்கள். 28-ஆம் நாள் வாடை வந்தால் 14 நாள். இந்தச் சோதனையை மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை செய்ய வேண்டும். மழையில் நமப்பது முந்தும், கோடையில் சிக்கு வாடை முந்தும்.

வாடை சீக்கிரம் வருகிறது என்றால் எண்ணெயைக் கவனியுங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டி, சூடேறும் முன்பே புகை விடுகிற எண்ணெயில் போட்டது எந்தக் கவரிலும் நிற்காது. போன ஞாயிறு மிஞ்சியதோடு புது எண்ணெயைக் கலப்பதும் புதியதைக் கெடுக்கும்.

பதிவு கட்டாயம். வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் உணவு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். இப்படிச் சிறிய அளவில் விற்பவருக்கு அடிப்படைப் பதிவு போதும். foscos.fssai.gov.in தளத்தில் ஆதார், போட்டோ, முகவரிச் சான்றோடு விண்ணப்பிக்கலாம், அல்லது இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிட வேண்டும். அதோடு பலகாரத்தின் பெயர், எடையில் அதிகமானது முதலில் வரும்படி சேர்மானங்கள், எடை, விலை, செய்த தேதி, எதுவரை உண்ணலாம் என்பது, உங்கள் பெயர், முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி. எள்ளும் வெண்ணெயும் சிலருக்கு ஒவ்வாது, அதைத் தெளிவாகத் தெரியும்படி எழுதுங்கள். கடலை எண்ணெயில் பொரித்தால் வேர்க்கடலை என்பதையும் சொல்ல வேண்டும்.

மீன்தான் நம்ம ஊர்ல சல்லிசாச்சே. மீன் ஊறுகாய், கருவாட்டுத் தொக்கு போடலாமே?

கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும், நானும் மறுக்கவில்லை. ஆனால் முதல் பொருளாக வேண்டாம் என்பேன். சூரை, அயிலை, சாளை மாதிரி மீன்கள் பிடித்ததிலிருந்து ஐஸில் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எவ்வளவு வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். மீன் பார்வைக்கும் மோப்பத்துக்கும் நன்றாகவே இருக்கலாம் என்பதுதான் இதில் ஆபத்து. படகிலிருந்து உங்கள் அடுப்பு வரை ஐஸ் விடுபடாமல் வந்ததா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். வேலைக்குப் போகிறவர் விடியற்காலை ஏலத்தில் நின்று வாங்க முடியாது. சாயங்காலம் மிஞ்சியதை வாங்கினால் இந்தச் சிக்கல்தான். கருவாட்டிலும் மணல், அரைகுறைக் காய்ச்சல், பூசணம் உண்டு.

இன்னொன்று, அதே சமையலறையில் சைவப் பலகாரமும் போட்டால் மீன் வாடை எண்ணெயிலும் டின்னிலும் ஏறும். அமாவாசை, கார்த்திகை விரதக்காரர்கள் உங்கள் தட்டையைத் தொட மாட்டார்கள். வீட்டில் யாராவது மீன் தொழிலிலேயே இருந்து, தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் உங்களுக்கு இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

தடைக்காலம் வந்தா ஊருல காசே இல்ல. விற்பனை அப்படியே விழுது, என்ன பண்றது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், தொண்டி எல்லா இடத்திலும் அந்த இரண்டு மாதம் பணப்புழக்கம் குறையும். நீங்கள் தெருவுக்குள்ளேயே விற்றால் ஒன்று விற்காது, இல்லை கடனாகப் போகும். கடனைத் திருப்பிக் கேட்டால் பலகாரமும் போகும், பேச்சும் போகும். அதனால்தான் ஆரம்பத்திலேயே மாதச் சம்பளம் வாங்கும் இடத்தை, அதாவது உங்கள் வேலையிடத்தைச் சந்தையாகப் பிடிக்கச் சொல்கிறேன். அவர்கள் பணம் மாத முதல் வாரத்தில் வரும், கடலைப் பார்த்து வராது. பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான். ஊருக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர்களுக்கு எடுத்துப்போக அரைக் கிலோப் பாக்கெட் கேட்பார்கள். சித்திரை, வைகாசியில் சின்னப் பாக்கெட்டைக் குறைத்துப் பெரியதைக் கூட்டுங்கள்.

இராமேஸ்வரம் வர்ற யாத்திரைக்காரங்களுக்கு விற்கலாமா?

கூட்டம் இருக்கிறது, உங்களுக்கு நேரம் இல்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கூட்டம் குவியும், நடுவில் இறங்கும். கடை மூலம்தான் விற்க முடியும், கடைக்காரர் கழிவு எடுப்பார், விற்காததைத் திருப்பித் தருவார். வாசலில் வெயில் படத் தொங்கவிட்ட பாக்கெட்டில் எண்ணெய் சீக்கிரம் கெட்டு, உங்கள் பெயர்தான் போகும். முதல் வருஷத்தில் வேண்டாம்.

நான் அரசு வேலையில இருக்கேன். சும்மா அம்மா பேர்ல பண்ணலாமா?

மறைத்துச் செய்யாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் நீங்கள் வியாபாரம் செய்யக் கூடாது; குடும்பத்தில் ஒருவர் செய்தாலும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உண்மையிலேயே அம்மாவே செய்து, அவர் பெயரில் பதிந்து, அவர் கணக்கில் பணம் வந்தால் அதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அலுவலகத்துக்குள் பாக்கெட் விற்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

தட்டை நல்லாப் போகுது. எப்ப ரெண்டாவது பலகாரம் சேர்க்கலாம்?

தொடர்ந்து சில வாரம் ஆர்டரை மறுக்க வேண்டி வந்தால் முதலில் அதே தட்டையை 3 கிலோவிலிருந்து 4 கிலோ ஆக்குங்கள். அதற்கும் மேலே கேட்டால்தான் இரண்டாவது. அது அதே மாவு, அதே மிளகாய், அதே எண்ணெய்ச் சட்டி, அதே கவரில் முடிகிறதாக இருக்கட்டும். முண்டு மிளகாய்க் காராசேவு பொருந்தும்: கடலை மாவு மட்டும்தான் புதிதாக வாங்க வேண்டும், தட்டைக்குப் பிறகு அதே எண்ணெயிலேயே போடலாம், தட்டுகிற வேலை இல்லாததால் கிலோவுக்கு நேரமும் குறைவு. கருப்பட்டி மிட்டாய், அதிரசம் என்று இனிப்புக்குப் போனால் பாகு, தனிப் பாத்திரம், எறும்பு, வேறு நாள்கணக்கு என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டாகப் பிளந்துவிடும். இனிப்பு கேட்கிறவர்களுக்குத் தீபாவளிக்கு மட்டும், முன்பணம் வாங்கிக்கொண்டு செய்து கொடுங்கள்.